முன் படம் இல்லாத சாதனை

போன வருஷ அப்ரைசலில் எங்கள் மேனேஜர் கமலக்கண்ணன், பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் வெள்ளைச்சாமி அண்ணனுக்கு 'சி' போட்டார். வருஷம் முழுக்க ஒருத்தர் விரல்கூட நசுங்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனவர் அண்ணன்.

"விபத்து நடக்கலங்கறது சரி. அது உங்களாலதான் நடக்கலங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார் மேனேஜர்.

"நான் இல்லன்னா நடந்திருக்கும் சார்."

"நடந்ததா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

அவ்வளவுதான், பேட்டி முடிந்தது. வெளியே வந்த மனிதர் அன்று முழுக்க யாரையும் 'பாத்துப் போங்க' என்று சொல்லவேயில்லை. போய் எங்கேயாவது முட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்த வருஷம் என் முறை. எனக்கு நடக்காத விபத்தையெல்லாம் காட்டிப் பிழைக்கவேண்டிய தேவை இல்லை, என் கையில் சரக்கு இருக்கிறது என்று நான் திமிராகத்தான் இருந்தேன். ஓசூர் சிப்காட்டில் பைக்குக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்கிற கம்பெனி எங்களுடையது. அதில் கண்ணாடி பூட்டும் லைனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பேர் பூங்கொடி. பதவி, சீனியர் அசோசியேட். அதாவது இன்ஜினியர் செய்யவேண்டிய வேலையை இன்ஜினியர் என்று சொல்லாமல் செய்கிற ஆள். மூன்று வருஷமாக அந்த லைனுக்கு இன்ஜினியர் கிடையாது. இந்த ஏப்ரலில் லைன் இன்ஜினியர் பதவியை நிரப்பப் போகிறார்கள் என்று எச்.ஆர். ஸ்வாதி என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு 'ஏ' வந்தால் அந்தப் பதவி எனக்கு. வராவிட்டால் வெளியிலிருந்து ஒருத்தரைக் கொண்டுவந்து என் தலைமேல் உட்கார வைப்பார்கள். அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் நானாகத்தான் இருக்கும்.

என் சாதனை இதுதான். பைக்கின் இடது கண்ணாடிக்கு ஒரு தண்டு, வலதுக்கு ஒரு தண்டு. பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் வளைவு மாறும், மரை எதிரெதிராகத் திரும்பும். முன்பெல்லாம் இரண்டையும் ஒரே ட்ரேயில் கொட்டிவைத்து வேலை செய்தோம். இடதும் வலதும் மாறிப் போய், பைக் கம்பெனிக்காரர்கள் மாதத்துக்கு ஒரு புகார் அனுப்பினார்கள். போன ஆகஸ்டில் நான் இடதுக்கு நீல ட்ரே, வலதுக்கு மஞ்சள் ட்ரே என்று பிரித்தேன். தண்டை நிறுத்திப் பூட்டுகிற இரும்புத் தாங்கியில், ஜிக் என்போம், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பின் திருகிப் பூட்ட வைத்தேன். வலது ஜிக்கில் இடது தண்டை வைத்தால் பின் இடிக்கும், உட்காராது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவள்கூடத் தப்பு செய்யமுடியாது. அன்றிலிருந்து ஒரு புகார்கூட இல்லை.

படிவத்தில் இதை எழுதி, ஆகஸ்டுக்கு முன்னால் வந்த புகார் மெயில்களையும், அதற்கப்புறம் மாதாமாதம் வந்த கழிவுக் கணக்கையும், லைனில் யார் யாருக்கு எந்த வேலை பழக்கினேன் என்ற அட்டவணையையும் இணைத்து, குவாலிட்டியில் இருக்கும் சுபாஷிடம் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். ராஜபாளையத்துப் பையன், எனக்குத் தம்பி மாதிரி. புரட்டிக்கொண்டே வந்தவன் கைசன் தாளில் நின்றுவிட்டான். லைனில் ஏதாவது திருத்தம் செய்தால் எழுதி ஒட்டுகிற தாள் அது. அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றின் மேல் 'முன்' என்றும் இன்னொன்றின் மேல் 'பின்' என்றும் போட்டிருக்கும்.

"எக்கா, பின் இருக்கு. முன் எங்கக்கா?"

"என்னா முன்?"

"மாத்துறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு ஒரு போட்டோ வேணும்லா? அது இல்லாம கொண்டுபோனீங்கன்னா சார் தாளை எடுத்து விசிறிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"அப்ப போட்டோ எடுக்கல. வேலதான் பாத்தேன்."

"அதான் தப்பு" என்றான், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

புகார் மெயிலே இருக்கிறதே, அதைவிடவா என்று நான் கத்தினேன். புகார் நின்றது அந்தப் பின் வைத்ததால்தான் என்பதற்கு என்ன ஆதாரம், பைக் கம்பெனியில் புகார் எழுதுகிறவர் லீவில் போயிருக்கலாமே என்று சார் கேட்பார் என்றான். கேட்கக்கூடிய மனிதர்தான்.

கடைசியில் அவனே வழி சொன்னான். புதன்கிழமை சார் சென்னைக்கு மீட்டிங் போகிறார். சாப்பாட்டு நேரத்தில் லைன் நிற்கும். அந்த இடைவெளியில் ட்ரேக்களை எடுத்துவிட்டு, பின்னைக் கழற்றிவிட்டு, தண்டுகளைக் கலந்து கொட்டிப் பழையபடி ஆக்கி ஒரு 'முன்' எடுக்க வேண்டியது. பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, அதே கோணத்தில் புதிதாக ஒரு 'பின்' எடுக்க வேண்டியது. இரண்டு படமும் ஒரே கோணத்தில் இருக்கவேண்டும் என்பது சாரின் இன்னொரு சட்டம்.

நடந்தது பொய்யில்லை, படம்தான் பிந்தி எடுக்கிறோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்யாணமான ஏழு மாதம் கழித்துக் கல்யாணப் போட்டோ எடுக்கிற மாதிரிதான். மாலையும் கழுத்துமாக நின்றால் போகிறது.

புதன்கிழமை மணி அடித்ததும் எல்லோரும் கேண்டீனுக்குப் போனார்கள். மங்கம்மா அக்காவை மட்டும் நான் நிறுத்திவைத்தேன். வலது ஜிக்கில் நிற்கிறவள் அவள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும்.

"அக்கா, இந்தத் தண்டெல்லாம் ஒண்ணாக் கொட்டிக் கலக்கு."

அவள் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அய்யோ தேவுடா! எதுக்கும்மா?"

"போட்டோவுக்கு."

"போட்டோவுக்குன்னா சுத்தமா இல்ல இருக்கணும்? ஆடிட்டுக்கு வந்தப்போ தரையத் தேய்க்க வெச்சியே!"

"இது வேற போட்டோக்கா. அசிங்கமா இருக்கணும்."

"நான் மாட்டேன். என் கையால கலக்க மாட்டேன். நாளைக்கு என் பேருதான் கெடும்."

கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, நான் கலக்க அவள் பக்கத்தில் நின்றுகொண்டு 'ராமா ராமா' என்றாள். சுபாஷ் பின்னைத் திருகிக் கழற்றினான். லைனுக்குள் போன் கொண்டுவர அனுமதி உள்ளவன் அவன் ஒருவன்தான். ஸ்டூல்மேல் ஏறி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பத்தலக்கா. நீட்டா கலந்திருக்கு."

கலப்பதிலும் என்ன நீட்டு? ஆனால் பார்த்தால் அவன் சொன்னது உண்மை. என்னையறியாமல் தண்டுகளையெல்லாம் ஒரே திசை பார்க்க வைத்துக் கலந்திருந்தேன். மறுபடி கொட்டினேன். இரண்டு தண்டுகளைத் தரையில் போட்டேன். மங்கம்மா அக்கா உடனே குனிந்து எடுத்து வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். மறுபடி எடுத்தாள்.

"எக்கா, ஆளு ஒண்ணு தப்பு பண்ற மாதிரி இருந்தா நல்லாயிருக்கும்" என்றான் சுபாஷ். "மங்கம்மாக்கா, தப்பான தண்டை எடுத்து ஜிக்குல வைங்க."

அவள் கையை விட்டாள். சரியான தண்டுதான் வந்தது.

"தப்பானது, தப்பானது."

மறுபடி கையை விட்டாள். மறுபடி சரியானது. நாற்பது தண்டு கலந்து கிடக்கிற ட்ரேயில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அந்தப் பெண்பிள்ளைக்குத் தப்பு செய்ய வரவில்லை. "கை போவ மாட்டேங்குதும்மா, நான் என்னா பண்றது?" என்று அழாத குறையாகச் சொன்னாள். கடைசியில் நானே ஒரு இடது தண்டைக் கையில் கொடுத்து, முகத்தைக் குழப்பமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் குழம்பவில்லை, என்னை முறைத்தாள். படத்தில் அது குழப்பமாகத்தான் விழுந்தது.

அதற்குள் டிஸ்பாட்சிலிருந்து ஆள் வந்து, லாரி நிற்கிறது, உடனே கையெழுத்து வேண்டும் என்று என்னைப் பறக்கடித்தான். நாங்கள் அவசர அவசரமாகத் தண்டுகளைப் பிரித்து நீலத்திலும் மஞ்சளிலும் போட்டோம். நான் ஓடிக்கொண்டே சுபாஷிடம் கத்தினேன்.

"சுபாஷ், பின் எடுத்துட்டுப் போயிடு!"

நான் சொன்னது போட்டோவை. 'முன்' ஆயிற்று, 'பின்' எடுத்துவிட்டுப் போ என்று. அந்தப் புண்ணியவான் என்ன செய்தான் தெரியுமா? ஜிக்கின் பின்னை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கட்டிடத்தில் நடந்த மீட்டிங்குக்குப் போய்விட்டான். கீழே விழுந்து தொலைந்துவிடும் என்று அக்கா பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தானாம்.

மணி அடித்தது, லைன் ஓடியது. மங்கம்மா அக்காவின் இடத்தில் அந்த நேரம் நின்றவள் சௌமியா. வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அக்காவை நான்தான் சாப்பிடப் போகச் சொல்லியிருந்தேன். அவசரத்தில் மஞ்சள் ட்ரேக்குள் விழுந்த இடது தண்டுகள், இடிக்கப் பின் இல்லாததால் சமர்த்தாக ஜிக்கில் உட்கார்ந்து, வலது கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பின. பெட்டிக்கு இரண்டு எடுத்துப் பார்க்கிற கடைசிச் சோதனையில் ஒன்று மாட்டியது. எல்லாப் பெட்டிகளையும் பிரித்ததில் பதினோரு கண்ணாடி. ஆகஸ்டுக்குப் பிறகு எங்கள் லைனில் நடந்த முதல் தப்பு. அதுவும் என் சாதனைக்கு ஆதாரம் எடுக்கப் போய்!

"பின்னு இல்லன்னு நீ பாக்கலியாடி?" என்று சௌமியாவைக் கேட்டேன்.

"பாத்தேன்க்கா. நான் சாப்ட்டு வர்றப்போ குவாலிட்டி சாரே எடுத்துட்டுப் போறாரு, இனிமே வேணாம்போலன்னு நெனச்சிட்டேன்."

அவளைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. சுபாஷ் வந்து காலில் விழாத குறையாக நின்றான். "கணக்குல காட்ட வேண்டாம்க்கா, பிரிச்சுத் திரும்பப் பூட்டிருவோம், யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். நாளைக்கு ஒன்று தப்பி வெளியே போய்விட்டால் எவனோ ஒருத்தன் ரோட்டில் கண்ணாடி கழன்று நிற்பான். பதினொன்றையும் சிவப்புத் தொட்டியில் போட்டு, ஷிப்ட் அறிக்கையில் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், "முன் படம் எடுப்பதற்காகப் பின் கழற்றப்பட்டது, பின் படம் எடுக்கச் சொன்னபோது பின் எடுத்துச் செல்லப்பட்டது" என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே தலை சுற்றியது. 'ஏ' போயிற்று, பதவி போயிற்று என்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கமலக்கண்ணன் சாரின் அறைக்குப் போனேன். ஸ்வாதியும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சார் முதலில், புதன்கிழமை எடுத்த 'முன்' படமும் ஒட்டியிருந்த கைசன் தாளை எடுத்தார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பின் படம் ஆகஸ்டு. முன் படம் மார்ச்சு. தேதிப்படி பாத்தா, நல்லா இருந்த லைனை நீங்க கெடுத்திருக்கீங்க பூங்கொடி."

"சார், அது..."

"இந்தம்மா எதுக்கு இவ்வளவு கோவமா இருக்காங்க?"

"குழப்பத்துல இருக்காங்க சார்."

அடுத்து ஷிப்ட் அறிக்கையை எடுத்தார். படித்தார். திரும்பப் படித்தார். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறி, குரலும் ஏறிவிட்டது. "உங்களுக்கு ஆதாரம் வேணும்னுதான் சார் இந்தக் கண்றாவியெல்லாம்!" என்று முடித்தேன். ஸ்வாதி பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

கமலக்கண்ணன் சாரின் முகம் மலர்ந்தது. ஆறு வருஷத்தில் நான் பார்க்காத மலர்ச்சி.

"இதுதான் ஆதாரம்! பின்னை எடுத்தா தப்பு வருது, வெச்சா தப்பு நிக்குது. ஒரு காரணத்தை நிரூபிக்கணும்னா இப்படித்தான் ஆஃப் பண்ணி, ஆன் பண்ணிப் பாக்கணும். இதை முதல்லியே செஞ்சிருக்க வேண்டியதுதான?"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்ப 'ஏ' வா சார்?"

"யாருக்கு?"

"எனக்கு சார்."

"இது பின்னோட சாதனை இல்லியா?" என்றார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். "பின் வேலை செய்யுதுன்னு நிரூபிச்சிட்டீங்க. நீங்க வேலை செய்றீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

எனக்கு எங்கிருந்து அப்படி வந்தது என்று தெரியவில்லை. "அப்ப என்னையும் ஆஃப் பண்ணிப் பாருங்க சார்!" என்று எழுந்துவிட்டேன். "மூணு நாள் லீவு போடறேன். லைன் என்னா ஆவுதுன்னு பாருங்க."

வேறு மேனேஜராக இருந்தால் உட்காரும்மா என்று சமாதானப்படுத்தியிருப்பார். இவர் காலண்டரைப் பார்த்தார். "திங்கள், செவ்வாய், புதன். ஸ்வாதி, இவங்க அப்ரைசலை வியாழன்வரைக்கும் மூடாதீங்க" என்றார். லீவுக்கு அவ்வளவு சீக்கிரம் அவர் ஒப்புதல் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கெலமங்கலத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ராஜ்குமாருக்கு ரோஜாத் தோட்டம். திங்கள்கிழமை காலை அவர் பூக்கட்டுகளை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால் நான் கையில் போனுடன் உட்கார்ந்திருக்கிறேன். சுபாஷ் ஓடிவருவான், லைன் நின்றுவிட்டது என்பான், கண்ணாடி மாறிவிட்டது, சார் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார் என்பான் என்று காத்திருந்தேன். ஒரு போனும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை.

"லீவு போட்டவ மூஞ்சியா இது? எழவு வீட்ல உக்காந்த மாதிரி இருக்கியே" என்றார் அவர்.

"சும்மா இருங்க. லைன் கெட்டுப்போகணும்னு வேண்டிட்டிருக்கேன்."

அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். நானே கட்டிய லைன், நானே பழக்கிய பெண்கள். ஒரே ஒரு பெட்டியாவது மாறிப் போகட்டும், ஒரு மோட்டாராவது புகையட்டும் என்று சாமியிடம் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

புதன்கிழமை மாலை மங்கம்மா அக்கா போன் செய்தாள். எடுத்ததும், "பூங்கொடி! மூணு நாளும் ஒரு பீஸ்கூட மாறலம்மா! சூப்பரா ஓடுது!" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. நீ இல்லாதப்போ ஏதாச்சும் ஆச்சுன்னா உன் பேரு கெட்டுடும், உனக்கு இன்ஜினியர் போஸ்ட் வராதுன்னு எல்லாரும் சேந்து பேசிக்கிட்டோம். சௌமியா ஒவ்வொரு தண்டையும் ரெண்டு தடவ தடவிப் பாத்துதான் வெக்கறா. டீக்குக்கூட யாரும் போவல தெரியுமா?"

"உங்கள யாருக்கா டீ குடிக்க வேண்டாம்னு சொன்னது! எவளாவது ஒரு தப்பு பண்ணித் தொலச்சிருக்கக் கூடாதா!" என்று கத்திவிட்டு ஓவென்று அழுதேன். அந்தப் பக்கம் அக்கா பயந்துபோய், "ஏமாயிந்தி? ஏனாயித்து? என்னம்மா ஆச்சு?" என்று மூன்று பாஷையிலும் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எந்தப் பாஷையிலும் பதில் சொல்ல வரவில்லை. எனக்காக டீ குடிக்காமல் நின்று என் பதவியில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

வியாழக்கிழமை அறைக்குள் போனபோது ஸ்வாதி என் முகத்தைப் பார்க்கவில்லை. சார் மட்டும் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துகள் பூங்கொடி. உங்களுக்கு 'ஏ'."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "சார்?"

"நீங்க இல்லாமலே லைன் மூணு நாள் ஓடிருக்கு. இன்ஜினியரும் இல்ல, நீங்களும் இல்ல, ஒரு தப்பும் இல்ல. அதாவது அந்த லைனுக்கு இன்ஜினியரே தேவையில்லன்னு நீங்க நிரூபிச்சிருக்கீங்க. நேத்தே மேல எழுதிட்டேன், பதவியை எடுத்துட்டாங்க. வருஷா வருஷம் ஒரு இன்ஜினியர் சம்பளம் கம்பெனிக்கு மிச்சம். இந்த வருஷத்துலயே பெரிய சேமிப்பு உங்களுதுதான்."

மேஜையில் என் கைசன் தாளைத் திருப்பி வைத்தார். புதிதாக எழுதியிருந்தார். 'முன்' கட்டத்தில், லைன் இன்ஜினியர் என்று ஒரு பெட்டி போட்ட கம்பெனி வரைபடம். 'பின்' கட்டத்தில் அதே வரைபடம், அந்தப் பெட்டி மட்டும் இல்லை. இரண்டும் ஒரே கோணத்தில் இருந்தன.

"ஒரு குறைகூடச் சொல்ல முடியல" என்றார். தாளை ஒருமுறை ஆசையாகத் தடவிக்கொடுத்தார், சத்தியமாக.

"அந்தப் பதவி எனக்கு வர வேண்டியது சார்."

"தெரியும். அதனாலதான் இதுக்கு இவ்வளவு மதிப்பு."

"அப்ப லைனை யார் சார் பாத்துக்கறது?"

"நீங்கதான். இப்பப் பாக்கற மாதிரியே."

என்ன சொல்வது? திட்டலாம் என்று வாயைத் திறந்தால் சிரிப்பு வந்தது. நிறுத்தமுடியாமல் சிரித்தேன். ஸ்வாதி தண்ணீர் கொடுத்தாள். நான் அதைக் குடித்து முடிப்பதற்குள் சாரின் போன் அடித்தது. அத்திப்பள்ளிப் பக்கம் இருக்கும் பைக் கம்பெனியிலிருந்து. புது மாடலுக்கு எங்கள் கண்ணாடியை மாட்டிப் பார்க்கிறார்களாம், இடது தண்டு எதிலோ உரசுகிறதாம், லைன் இன்ஜினியரை உடனே அனுப்பச் சொல்கிறார்கள்.

"அனுப்பறேன் சார், அனுப்பறேன்" என்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க போய்ட்டு வந்துடுங்க."

"இன்ஜினியரைத்தான சார் கேக்கறாங்க?"

"ஆமா."

"அப்படி யாரும் இல்லியே சார். நேத்துதான் எடுத்தீங்க."

அவருக்கு வேர்த்தது. அவர்கள் வாசலில் இன்ஜினியர் என்று பாஸில் எழுதியிருந்தால்தான் சோதனைக் கூடத்துக்குள் விடுவார்கள், அசோசியேட் என்றால் செக்யூரிட்டி ரூமிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். சார் போவதாக இருந்தால் போகலாம். ஆனால் போய் எந்தத் தண்டை எங்கே தொடுவார்? வெளிவேலைப் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்வாதி, "பதவி என்ன சார் போடறது?" என்று கேட்டாள். சார் பாஸ் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லைன் இன்ஜினியர்னு போடுங்க" என்றார் கடைசியில். பிறகு என் பக்கம் விரலை நீட்டி, "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும். சாயங்காலம் வந்ததும் பாஸை வாசல்ல திருப்பிக் கொடுத்துடணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

போனேன். கர்நாடக எல்லை தாண்டி அவர்கள் கம்பெனி வாசலில் பாஸைக் காட்டினேன். "பன்னி இன்ஜினியர் மேடம்" என்று, கன்னடத்தில் வாங்க என்று அர்த்தம், கதவைத் திறந்துவிட்டார்கள். தண்டு உரசியது எங்கள் தப்பில்லை, அவர்கள் கைப்பிடி ரப்பரின் தடிமன் கூடியிருந்தது. அளந்து காட்டி, அவர்களையே எழுதிக் கையெழுத்துப் போட வைத்தேன். டீ கொடுத்தார்கள், பிஸ்கட்டுடன். திரும்பி வரும்போது ஷிப்ட் விடுகிற நேரம்.

எங்கள் வாசலில் செக்யூரிட்டி கரியப்பன் கையை நீட்டினார். "பாஸ் குடுத்துட்டுப் போம்மா. திருப்பி வாங்கி வெக்கச் சொல்லி மேனேஜர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு."

நான் பாஸை எடுத்துப் பார்த்தேன். பூங்கொடி, லைன் இன்ஜினியர். கீழே கமலக்கண்ணன் சாரின் கையெழுத்து, தேதியுடன்.

"தர மாட்டேன்ணா."

"என்னம்மா இது? அவரு கேட்டா நான் என்னா சொல்றது?"

"இன்ஜினியர் தரலன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பாஸை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கெலமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.